"வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்பவர்களுக்கு

மணி போன மறுநாள் காலை, எங்கள் தெருவில் முப்பது வருடமாகப் பழக்கமுள்ள ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். நாய்க்குத் துக்கம் விசாரிக்க வருவதே பெரிய மனது. காபி குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சார். போன வருஷமே ஒரு ஊசியப் போட்டு அனுப்பியிருந்தா அதுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. வயசாயிடுச்சு, அவ்வளவுதான். அதுக்குப் போய் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு..." என்றார்.

வீடு தேடி வந்தவரிடம் சண்டை போடக்கூடாது என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் இதே வாக்கியத்தை அந்த ஒரு வருடத்தில் பத்துப் பேரிடம் கேட்டிருக்கிறேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அதற்கு முன் நானே பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். அதனால் அவருக்கும் எனக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

மணி சாதாரண நாட்டு நாய். நான் டேனரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்த கடைசி வருடங்களில், உப்புத் தோல் அடுக்கி வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் கண் திறக்காத குட்டியாகக் கிடைத்தது. ஆம்பூரில் அந்த வாசனையை எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், நாய்களோ ஊர்விட்டு ஊர் வரும். அப்படி வந்த ஏதோ ஒரு தாய் போட்ட குட்டி. பதினான்கு வருடம் எங்கள் கேட்டைக் காத்தது. 15வது வயதில் அதற்கு அந்தக் கேட்டே தெரியாமல் போய்விட்டது.

முதலில் நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். பொங்கல் சமயம் என்று நினைக்கிறேன். கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, கீல் இருக்கும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, திறக்கும் என்று காத்திருந்தது. நாங்கள் சிரித்தோம். பிறகு பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்துவிட்டு, பின்னால் வரத் தெரியாமல் நின்றது. வெளியே பத்து நிமிடம் நின்று எதுவும் செய்யாமல், உள்ளே வந்ததும் கூடத்தில் சிறுநீர் கழித்தது. என் மனைவி கூப்பிட்டால் வாலாட்டி ஓடி வந்த நாய், அவள் பக்கத்தில் நின்றாலும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் தனித்தனியாகப் பார்த்தோம், ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. "வயசாயிடுச்சு" என்ற சொல் செய்யும் முதல் கெடுதல் இதுதான். அதைச் சொன்னவுடன் நாம் கவனிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

சித்திரையில் இரவு நடை தொடங்கியது. பகலெல்லாம் தூங்கும். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு பதற்றம் வரும். இரவு ஒரு மணிக்கு எழுந்து கூடம், சமையலறை, கூடம், சமையலறை என்று நகம் தரையில் டக் டக் என்று ஒலிக்க நடக்கும். பிறகு எங்காவது மூலையில் நின்று ஒரே மாதிரிக் குரைக்கும். திருடனைப் பார்த்துக் குரைக்கும் குரைப்பல்ல அது. யாரையோ கூப்பிடுவது போல இருக்கும். தட்டிக்கொடுத்தால் பத்து நிமிடம் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும்.

ஊர் எனக்கு மூன்று வைத்தியம் சொன்னது. கட்டிப் போடு, தூக்க மாத்திரை கொடு, ஊசி போடு. முதலாவதை நான் செய்தேன். மூன்று வாரம் இரவில் முருங்கை மரத்தில் கட்டினேன். மனம் குழம்பிய நாய் கயிற்றில் நின்றால் என்ன செய்யும்? ஒரே திசையில் சுற்றும். சுற்றினால் கயிறு மரத்தில் சுற்றிக் குறுகும், ஆனால் எதிர்ப்பக்கம் சுற்றி அவிழ்க்க அதற்குத் தெரியாது. ஒரு நாள் விடியற்காலை நான் போய்ப் பார்த்தபோது, தலை மரத்தோடு ஒட்டி, நாக்கு வெளியே தள்ளி, முன்னங்கால் இரண்டும் தரையில் படாமல் நின்றிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றதோ தெரியாது. குரைக்கவில்லையே, இன்று நன்றாகத் தூங்குகிறது என்று நான் உள்ளே நிம்மதியாகப் படுத்திருந்தேன். இந்தக் கட்டுரையில் யாரையாவது திட்டுவதென்றால் முதலில் அந்த ஆளைத்தான் திட்ட வேண்டும்.

அன்றைக்கே மணியை ஆட்டோவில் ஏற்றி வேலூருக்குக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். இளம் டாக்டர். நான் "வயசாயிடுச்சு சார்" என்று ஆரம்பித்ததும், "வயசு நோய் இல்லைங்க ஐயா. என்ன நடக்குதுன்னு சொல்லுங்க" என்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, இது திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா என்பது.

அந்தக் கேள்வியின் மதிப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரே நாளில் தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் ஆடி, தள்ளாடி விழுந்தால் அது பெரும்பாலும் காதின் உட்பகுதியில் இருக்கும் சமநிலை உறுப்பின் கோளாறு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பல நாய்கள் இரண்டு மூன்று வாரத்தில் எழுந்து நடந்துவிடும். பக்கவாதம் என்று நினைத்து அவசரப்பட்டு முடித்துவிடுகிறவர்கள் உண்டு. சில நாட்களுக்குள் குணம் மாறி, குரல் மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் போனால் வெறிநோயைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது யாரும் தொடக்கூடாது, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்த நாய் சுமார் பத்து நாளுக்குள் இறந்துவிடும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மறந்துகொண்டே போகிற கிழ நாய்க்கு வந்திருப்பது வெறிநோய் அல்ல.

இதை எழுதும்போது வேறொரு நாய் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் நான் வேலை செய்த ஒரு டேனரியில் கருப்பன் என்று காவல் நாய் ஒன்று. வயதான பிறகு இரவில் டிரம் ஓடும் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். தினம் சோறு வைக்கிற வாட்ச்மேனைப் பார்த்தே உறுமும். மூன்று மாதம் இப்படியே போனது. வெறி பிடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் காலை தடியால் முடித்தார்கள். நான் சூப்பர்வைசர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். நானும் தலையாட்டினேன். மூன்று மாதம் வெறிநோயோடு எந்த நாயும் உயிரோடு இருக்காது என்ற ஒரு வரி அன்றைக்கு எனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்கக் காவலுக்கு வைத்துக்கொண்டோம், கடைசியில் அதற்குத் தடிதான் கிடைத்தது.

மணிக்கு வருகிறேன். டாக்டர் ரத்தம், சிறுநீர் இரண்டையும் சோதிக்கச் சொன்னார். கண்ணில் டார்ச் அடித்தார், பின்னால் நின்று கை தட்டினார், இடுப்பை மடக்கிப் பார்த்தார். காரணம் இதுதான்: மூளையைக் குறை சொல்வதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் விலக்க வேண்டும். இரவில் நடப்பது வலியாலும் இருக்கலாம். வீட்டுக்குள் சிறுநீர் போவது கிருமித் தொற்றாலோ, சிறுநீரகக் கோளாறாலோ இருக்கலாம். கூப்பிட்டால் வராதது காது கேட்காததால் இருக்கலாம். இந்த நோயைக் காட்ட ஒரு தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றவற்றை விலக்கிய பின் மிஞ்சுவதுதான் அது.

மணிக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. சிறுநீரகம் அன்றைக்கு ஓரளவு நன்றாகவே இருந்தது. தொற்றுக்கு மருந்து, மூட்டு வலிக்கு நாய்க்கான மருந்து. வீட்டில் நமக்கிருக்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு வாரத்தில் கூடம் நனைவது பாதியாகக் குறைந்தது. யோசித்துப் பாருங்கள், "வயசாயிடுச்சு" என்று நாங்கள் ஒதுக்கியதில் பாதி, மாத்திரையில் தீரக்கூடிய கிருமி. ஆனால் இரவு நடை குறையவில்லை. சுவரைப் பார்த்து நிற்பதும் குறையவில்லை.

அப்போதுதான் டாக்டர் பெயரைச் சொன்னார். கேனைன் காக்னிடிவ் டிஸ்ஃபங்ஷன். நம் பேச்சில் சொன்னால் நாய்களுக்கு வரும் மறதி நோய், டிமென்ஷியா. மனிதர்களின் அல்சைமர் நோயில் மூளையில் படிகிற அமிலாய்டு என்ற அதே புரதம் கிழ நாயின் மூளையிலும் படிகிறது. மூளை சுருங்குகிறது. வழி கண்டுபிடிப்பது, ஆளை அடையாளம் காண்பது, பகலையும் இரவையும் பிரித்தறிவது எல்லாம் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன.

இது அபூர்வ நோயும் அல்ல. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் 2001இல் வெளியான ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இந்த அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தது. ஆஸ்திரேலியாவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வெட்கப்பட வைக்கிறது. வயதான நாய்களில் சுமார் 14 சதவீதத்துக்கு இந்த நோய் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். மருத்துவர் நோய் என்று கண்டு சொன்னவை 2 சதவீதத்துக்கும் குறைவு. நாய்க்கென்று தனி மருத்துவமனைகள் உள்ள நாட்டிலேயே அப்படி. அங்கேயும் நம் தெருக்காரர் போல ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிகிறது.

நான் டாக்டரிடம் ராத்திரிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். எனக்கு வேண்டியது ஒரு தூக்க மாத்திரைதான். அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "ராத்திரிய ராத்திரியில சரி பண்ண முடியாதுங்க ஐயா. பகல்லதான் சரி பண்ணணும்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன். நாம் எல்லோரும் செய்வது நேர் எதிர். கிழ நாய் பகலில் தூங்கினால் "பாவம், தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அது பத்து மணி நேரம் நிழலில் கிடக்கிறது. கண் புரையால் உள்ளே போகிற வெளிச்சமே குறைவு. அதையும் மூலையில் படுக்க வைத்துக் குறைக்கிறோம். மூளையின் கடிகாரத்துக்கு நேரம் சொல்வது காலை வெளிச்சம். அது கிடைக்காவிட்டால் பகல் எது, இரவு எது என்று கடிகாரத்துக்குத் தெரியாது. பிறகு இரவில் நாய் விழித்துக்கொண்டால் கயிறைத் தேடுகிறோம்.

முப்பது வருடம் ஷிஃப்ட் போட்டவன் நான். இரவு ஷிஃப்ட் ஆள் பகலில் தூங்கிவிட்டால் அடுத்த இரவு விழித்திருப்பான் என்பது எனக்குத் தெரியாதா? மணி யாருக்கும் தெரியாமல் நைட் ஷிஃப்டுக்கு மாறிவிட்டது. அதை ஜெனரல் ஷிஃப்டுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய வழக்கப்படி ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை மணிக்கு எழுந்தது, என்ன செய்தது, நாங்கள் என்ன செய்தோம் என்று மூன்று பத்தி.

காலை ஐந்தரைக்கு எழுப்பல். பின்னால் இருந்து தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்க வரும், அதனால் முன்பக்கம் உட்கார்ந்து மூக்குக்கு நேராகக் கையை நீட்ட வேண்டும். மூக்கு மட்டும் கடைசிவரை ஏமாற்றவில்லை. உடனே வெளியே, எப்போதும் ஒரே கதவு, ஒரே பக்கம், ஒரே வேப்பமரம். சிறுநீர் போகும்வரை நின்றுவிட்டு, இருபது நிமிடம் மெல்ல நடை. வேகமாக இழுத்துக்கொண்டு போவதில்லை. எந்தச் சுவரை மோப்பம் பிடிக்க வேண்டுமோ பிடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். நமக்குத் தினத்தந்தி மாதிரி, அதற்குச் சுவர்.

ஏழரைக்குச் சாப்பாடு. பத்து மணிக்கு ஒரு விளையாட்டு. அவித்த முட்டையைச் சின்னத் துண்டுகளாக்கி நாலைந்து பழைய துணிகளுக்கு அடியில் வைத்துவிடுவாள் என் மனைவி. அது மோப்பம் பிடித்துத் தேடி எடுக்கும். முதல் நாள் ஒரு துண்டு எடுக்க ஆறு நிமிடம் ஆனது. பகலில் தூங்கினால் ஒரேயடியாகத் தூங்க விடாமல், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மெதுவாக எழுப்பித் தண்ணீர் காட்டி, வாசல்வரை ஒரு நடை. மாலை இரண்டாவது நடை. வெயில் காலத்தில் வேலூர், ஆம்பூர் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் காலை நடையை ஆறு மணிக்குள் முடித்து, மாலை நடையை ஆறரைக்கு மேல் தள்ளிவிட்டோம்.

இருட்டும் நேரம்தான் பதற்றம் வரும் நேரம். அதனால் இருட்டுவதற்கு அரைமணி முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுவோம். ஏழு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குக் கடைசியாக வெளியே, பத்துக்குப் படுக்கை. அதன் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஜீரோ வாட் பல்பு, கரண்ட் போனாலும் எரியும்படி இன்வெர்ட்டரில். மொசைக் தரையில் கால் வழுக்காமல் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை சாக்கு விரிப்பு. மாட்டிக்கொள்ளும் பீரோ இடுக்கில் ஒரு பலகை. மாடிப்படிக்கும் சம்ப் மூடிக்கும் தடுப்பு. ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றக்கூடாது என்று வீட்டில் சட்டம்.

இவ்வளவுக்குப் பிறகும் இரவில் எழுந்தால்? திட்டுவதில்லை, பேச்சுக் கொடுப்பதுமில்லை. வெளியே கூட்டிப்போய் இரண்டு நிமிடம், திரும்பப் படுக்கையில், ஒரு தடவல். கூடம் நனைந்திருந்தால் துடைப்பதோடு சரி. எதற்காகத் திட்டுகிறோம் என்று அதற்குத் தெரியாது. நாம் கோபமாக இருக்கிறோம் என்பது மட்டும் தெரியும், பயம் கூடும், பயம் கூடினால் நடை கூடும்.

இது என் வீட்டுக் கைவைத்தியம் அல்ல. அமெரிக்காவில் 48 வயதான பீகிள் நாய்களை நான்கு குழுவாகப் பிரித்து இரண்டு வருடத்துக்கு மேல் பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்துகள் சேர்த்த உணவு. இன்னொன்றுக்கு நடை, கூட ஒரு நாய், விளையாட்டுப் பொருள், புதிதாகக் கற்றுக்கொள்ளும் வேலைகள். மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு எதுவும் இல்லை. உணவும் பலன் தந்தது, நடையும் வேலையும் பலன் தந்தன, இரண்டும் கிடைத்த நாய்கள் எல்லாவற்றையும் விட நன்றாகக் கற்றுக்கொண்டன. கிழ மூளை மூடிய கடை அல்ல என்பதற்கு அந்த நாய்கள் சாட்சி.

மருந்தும் உண்டு. செலிஜிலின் என்ற மாத்திரை, நம் ஊரில் மனிதர்களின் பார்க்கின்சன் நோய்க்குக் கிடைப்பது. அமெரிக்காவில் 1998இல் நாய்களின் இந்த நோய்க்கென்று அனுமதி பெற்றது. மணிக்கு டாக்டர் காலையில் ஒரு வேளை எழுதினார், பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகலாம் என்றும் சொல்லிவிட்டார். கூடவே, உண்ணிக்கு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் வழக்கமாகத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவது அமிட்ராஸ். அதை அன்றே நிறுத்தச் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. சில வலி மாத்திரைகளோடும் மனச்சோர்வு மாத்திரைகளோடும் சேர்க்கக்கூடாது. மருந்துக்கடையில் நாமே வாங்கிக் கொடுக்கும் மருந்தல்ல இது.

தேங்காய் எண்ணெய் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் உறவினர் கைபேசியில் பார்த்துவிட்டு, தினம் நாலு ஸ்பூன் கொடுத்தால் மறதி போகும் என்றார். கொடுத்தோம். மறதி போகவில்லை, மூன்று நாள் வயிறுதான் போனது. டாக்டர் விளக்கினார். எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த ஒரு குறிப்பிட்ட வகைக் கொழுப்பை அளவோடு உணவில் சேர்த்துச் செய்த ஆய்வில் கிழ நாய்களுக்குப் பலன் இருந்தது உண்மை. பாட்டிலிலிருந்து ஊற்றுகிற தேங்காய் எண்ணெய் அதுவல்ல. கொழுப்பு அதிகமானால் கணையம் வீங்கி நாய் செத்தே போகலாம். ஆம்பூரில் இருந்துகொண்டு இதையும் சொல்ல வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை மிச்சமான பிரியாணியும் எலும்பும் அன்பல்ல.

நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். முதல் வாரம் ஏழு இரவில் 31 தடவை எழுந்தது. ஆறாவது வாரம் 14. மூன்றாம் மாதம் வாரத்துக்கு எட்டு, ஒன்பது, அதிலும் பாதி சிறுநீருக்காக. முட்டைத் துண்டை ஒரு நிமிடத்தில் எடுத்தது. எது வேலை செய்தது, நடையா, வெளிச்சமா, மாத்திரையா, மூட்டு வலி குறைந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்துதான்.

கெட்ட வாரங்களும் இருந்தன. அவை ஏன் வந்தன என்பது நோட்டைப் பார்த்தால் தெரியும். தீபாவளி வெடி. மகன் குடும்பம் வந்து கட்டிலை இடம் மாற்றியது. பிறகு ரமலான். எங்கள் பக்கத்து வீட்டில் சஹருக்கு மூன்றரை மணிக்கே விளக்கும் பாத்திரச் சத்தமும். மணி விடிந்துவிட்டது என்று எழுந்து வாசலில் நின்றுவிடும். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு பாய்தான் நாய் குரைப்பதைக் கேட்டு விசாரித்தார். விஷயம் தெரிந்ததும், "எங்க அத்தாவும் கடைசில இப்படித்தாங்க சார், ராத்திரில எழுந்து தோல் ஷாப்புக்கு டைம் ஆயிடுச்சும்பார்" என்றார். மறுநாளிலிருந்து எங்கள் பக்கத்து ஜன்னலுக்கு ஒரு போர்வை தொங்கியது. அவர் "வயசாயிடுச்சு" என்று சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது துக்கம் விசாரிக்க வந்தவரின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். இந்த நோய் குணமாகாது. நாங்கள் செய்தது எல்லாம் சரிவின் வேகத்தைக் குறைத்தது, சரிவை நிறுத்தவில்லை. வதைத்து வைத்திருப்பதும் பாவம்தான், அதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. எப்போது என்பதில்தான் சண்டை.

டாக்டர் எங்களுக்கு அதற்கும் ஒரு வழி சொன்னார். காலண்டரில் தினமும் ஒரு குறி போடச் சொன்னார். சாப்பிட்டதா, எங்களில் ஒருவரையாவது தெரிந்ததா, வலியில்லாமல் படுத்ததா, தூங்கியதா. இதில் பெரும்பாலும் ஆமாம் என்றால் டிக், இல்லை என்றால் பெருக்கல் குறி. ஒரு கெட்ட இரவை வைத்து முடிவெடுக்காதீர்கள், இரண்டு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள் என்றார். பத்து மாதம் காலண்டர் முழுக்க டிக், நடுநடுவே பெருக்கல் குறி. வைகாசியில் சிறுநீரகம் கெட்டது. சாப்பாடு நின்றது. பதினான்கு நாளில் பதினொரு பெருக்கல் குறி. முட்டைத் துண்டை மூக்குக்கு நேராக நீட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆமாம் சார், ஊசி போட்டோம். உங்களிடம் அன்று சொல்லவில்லை. டாக்டர் வீட்டுக்கே வந்தார். மணி அதன் சாக்கின் மேல் படுத்திருந்தது, என் மனைவியின் கை அதன் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. நீங்கள் சொன்ன அதே ஊசிதான். நீங்கள் சொன்ன நாளுக்குப் பதினொரு மாதம் கழித்து, காலண்டர் சொன்ன நாளில் போட்டோம்.

அந்தப் பதினொரு மாதத்தில் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஆவணியில் ஒரு காலை, நடை முடிந்து கேட்டுக்கு வந்தபோது, மணி கீல் பக்கத்தை விட்டுத் தாழ்ப்பாள் பக்கத்தில் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக, "கேட் சரி" என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள் தெருவிலும் ஒரு கிழ நாய் இருக்கும். சுவரைப் பார்த்து நின்றால், கதவின் தவறான பக்கத்தில் காத்திருந்தால், இரவில் யாரையோ கூப்பிடுவது போலக் குரைத்தால், அந்த வீட்டுக்காரரிடம் தயவுசெய்து "வயசாயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். திடீரென்று வந்ததா, மெல்ல வந்ததா என்று கேளுங்கள். சிறுநீரைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்று கேளுங்கள். கயிற்றை எடுத்தால், முருங்கை மரத்தைப் பற்றி நான் எழுதியதைச் சொல்லுங்கள்.